செம்பனைத் தோட்டத்தில் மின்கம்பி, கீழே ஒருவர்: ஆம்புலன்ஸ் பயிற்சித் தேர்வில் முதல் பத்து நிமிடம்

காலை பத்து மணி. புக்கிட் பெருந்துங்கைத் தாண்டி பெஸ்தாரி ஜெயா பக்கம் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டம். 999-க்கு அழைப்பு வருகிறது: "குலை வெட்டுறவர் விழுந்துட்டாரு, பேச்சு மூச்சு இல்ல." நீங்களும் உங்கள் பார்ட்னரும் ஆம்புலன்ஸில் போய்ச் சேர்கிறீர்கள். மரங்களுக்கு நடுவே ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். மண்டோர் ஓடி வந்து உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறார். "தம்பி, சீக்கிரம் வாப்பா!"

அடுத்து என்ன செய்வீர்கள்?

"ஓடிப் போய் மூச்சு இருக்கான்னு பார்ப்பேன்" என்பது உங்கள் பதில் என்றால், தேர்வில் நீங்கள் ஃபெயில். நிஜத்தில் என்றால், அங்கே இப்போது இரண்டு நோயாளிகள் இருக்கலாம். இரண்டாவது ஆள் நீங்கள்.

இது பயிற்சிக்காக அமைத்துக்கொண்ட ஒரு காட்சிதான். ஆனால் அதில் உள்ள ஆபத்து கற்பனை இல்லை. உயரமான மரத்தில் குலை வெட்ட, மலாயில் 'காலா' என்று சொல்லும் நீண்ட அலுமினியக் கழியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் நுனியில் அரிவாள் இருக்கும். அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தோட்டத்தின் ஓரத்தில் மின்கம்பி போனால், கழி ஒரு முறை சாய்ந்து அதில் பட்டாலே போதும். செம்பனைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

அவசர மருத்துவ உதவியாளர் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் கடைசி வாரத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கும் மூன்று பாடங்கள் உண்டு: சம்பவ இடப் பாதுகாப்பு, மூச்சுப்பாதை, நோயாளியைத் தூக்கும் முறை. புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள். களத்தில் மூன்றும் ஒரே வேலை. இந்த ஒரு காட்சியை வைத்தே அதைப் பார்ப்போம்.

முதலில் இடம், பிறகுதான் நோயாளி

ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. தள்ளி நிறுத்தி, கையுறையை மாட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக முழு இடத்தையும் பாருங்கள். கீழே கிடப்பவரை மட்டும் பார்த்தால் போதாது, தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கண் தானாகவே தரையில் கிடக்கும் மனிதரிடம் போய்விடும்.

மேலே பார்த்தால் மரத்துக்குப் பின்னால் ஒரு மின்கம்பி. கீழே பார்த்தால் அவருடைய கையிலிருந்து ஓர் அடி தள்ளி அலுமினியக் கழி. அதன் மறுநுனி எங்கே இருக்கிறது? மட்டைகளுக்குள் மறைந்திருக்கிறது, தெரியவில்லை. அது இன்னும் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த நிலையில் விடை ஒன்றுதான்: இடம் பாதுகாப்பாக இல்லை, நான் உள்ளே போகமாட்டேன்.

இங்கே மாணவர்கள் மூன்று தப்புக் கணக்குப் போடுவார்கள்.

முதலாவது, "பொறி பறக்கல, சத்தம் வரல, அப்போ கரண்ட் இல்ல." உயிருள்ள மின்கம்பி சத்தமே போடாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. கம்பியில் ஏதாவது பட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டால், பல வழித்தடங்களில் ஒரு தானியங்கிக் கருவி சற்று நேரத்தில் அதை மறுபடியும் இணைத்துப் பார்க்கும். மரக்கிளை உரசியதுபோன்ற தற்காலிகத் தடங்கலுக்காக வைத்த ஏற்பாடு அது. கம்பிக்குக் கீழே மனிதர் இருக்கிறார் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.

இரண்டாவது, "காய்ஞ்ச குச்சியால தள்ளிவிடலாம்." வீட்டு மின்சாரத்துக்குச் சொல்லிக்கொடுத்த முதலுதவி இது. தோட்டத்துக் கம்பிகளில் ஓடுவது பெரும்பாலும் 11,000 வோல்ட் அல்லது அதற்கும் மேல். அந்த அழுத்தத்தில் குச்சி, ரப்பர் செருப்பு, மருத்துவக் கையுறை எதையும் நம்ப முடியாது. தோட்டத்துக் குச்சியில் காலைப் பனியின் ஈரமும் இருக்கும்.

மூன்றாவது, "தொடாம பக்கத்துல போய்ப் பார்க்கலாம்." மின்சாரம் தரைக்குள் இறங்கும்போது, இறங்கும் புள்ளியில் அழுத்தம் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். நீங்கள் நடக்கும்போது ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. இரண்டு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு இருந்தால், மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். கம்பியையோ நோயாளியையோ தொடாமலேயே அடிபடலாம் என்பதன் காரணம் இதுதான். அதனால்தான் விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். பெரிய உயரழுத்தக் கோபுரக் கம்பி என்றால் இன்னும் தள்ளிப் போக வேண்டும். தெரியாமல் உள்ளே போய்விட்டால், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, தரையிலிருந்து எடுக்காமல் சின்னச் சின்னதாக நகர்த்தி வெளியே வர வேண்டும்.

அப்படியானால் நின்று வேடிக்கை பார்ப்பதா? இல்லை. செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் சொல்லி தெனாகா நேஷனலையும் தீயணைப்பு மீட்புத் துறையையும் வரவழையுங்கள். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைப் படித்துச் சொல்லுங்கள். எந்தக் கம்பி என்று அவர்கள் சீக்கிரம் கண்டுபிடிக்க அது உதவும். பிறகு கூட்டத்தை நிறுத்துங்கள். நீங்கள் வந்ததைப் பார்த்ததும் கூட வேலை செய்பவர்கள் தைரியமாக உள்ளே ஓடுவார்கள். "அண்ணே, அங்கேயே நில்லுங்க. கரண்ட் கட் ஆகுற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருந்தால் மலாயிலும் சொல்ல வேண்டும். கூடவே மண்டோரிடம் கேளுங்கள்: எத்தனை பேருக்கு அடிபட்டது? எவ்வளவு நேரம் ஆச்சு? விழும்போது தலை அடிபட்டதா?

"கரண்ட் போயிடுச்சு" என்று யாரோ தூரத்திலிருந்து கத்துவது அனுமதி ஆகாது. மின்சாரத்தைத் துண்டித்து, திரும்ப வராதபடி பூட்டி, தரையோடு இணைத்துவிட்டோம் என்று தெனாகா ஊழியர் நேரடியாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகு நோயாளியைத் தொடலாம். மின்சாரத் தொடர்பு அற்றபின் மனித உடலில் மின்சாரம் தங்கியிருக்காது.

பத்து மீட்டருக்கு அப்பால் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள். இந்தத் தொழிலில் இதைவிடக் கஷ்டமான நிமிடம் இருக்காது. ஆனால் இது கோழைத்தனம் இல்லை என்பதைச் சிலாங்கூர் மாநிலமே வலியோடு தெரிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, பூச்சோங் தாமான் புத்ரா பெர்டானா அருகே பழைய ஈயச்சுரங்கக் குளத்தில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி தீயணைப்பு மீட்புத் துறையின் நீர் மீட்புக் குழு இறங்கியது. பலத்த நீரோட்டத்தில் சிக்கி அந்தக் குழுவில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் பயிற்சி இல்லாதவர்களோ கருவி இல்லாதவர்களோ அல்ல, இதையே தொழிலாகச் செய்தவர்கள். காப்பாற்றப் போகிறவர் என்பதற்காக ஓர் இடம் நம்மிடம் மட்டும் கருணை காட்டாது.

மூச்சுப்பாதை: காதால் கேளுங்கள்

இடம் பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது உள்ளே போகிறீர்கள். பார்ட்னர் நேராக நோயாளியின் தலைப்பக்கம் போய், இரண்டு கையாலும் தலையை நடுக்கோட்டில் பிடித்துக்கொள்கிறார். அவர் விழுந்திருக்கிறார். மின்சாரத் தாக்குதலில் தசைகள் பலமாகச் சுருங்கியும் இருக்கும். கழுத்தெலும்பில் அடி இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்த கையை இனி இஷ்டத்துக்கு விட முடியாது, இதை நினைவில் வையுங்கள்.

கூப்பிட்டால் பதில் இல்லை. தோள்பட்டைத் தசையைக் கிள்ளினாலும் அசைவு இல்லை. கழுத்து நாடியை 10 விநாடிக்கு மேல் போகாமல் பார்க்கிறீர்கள்: நாடி இருக்கிறது. நாடி இல்லாமல் இருந்தால் கதையே வேறு. உடனே நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர்., ஏ.இ.டி. கருவி. மின்சாரம் தாக்கியவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோவது சாதாரணமாக நடக்கும். இந்தக் காட்சியில் நாடி உண்டு. ஆனால் மூச்சோடு ஒரு சத்தம் வருகிறது: குறட்டை.

தோட்டத்து ஆட்கள் அதைக் கேட்டு நிம்மதியாகிவிடுவார்கள். "தூங்குறாரு, மூச்சு வருது." நீங்கள் நிம்மதியாகக் கூடாது. மயங்கியவரின் குறட்டை என்றால், தளர்ந்த நாக்கு பின்னால் சரிந்து பாதி வழியை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சத்தத்தை வைத்தே நிறைய சொல்லிவிடலாம். களகள என்று தண்ணீர் கொதிப்பதுபோல வந்தால் உள்ளே வாந்தி, ரத்தம் அல்லது எச்சில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது விசில்போல மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தால் தொண்டையில் வீக்கமோ அடைப்போ இருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசமானது சத்தமே இல்லாமல் நெஞ்சு மட்டும் ஏறி இறங்குவது. காற்று போகவில்லை, உடல் முயற்சி மட்டும் செய்கிறது. அதனால் பார்ப்பதோடு நிறுத்தாமல், கன்னத்தை அவர் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காற்று வருகிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

நாக்கை முன்னே கொண்டுவர வழக்கமான முறை நெற்றியைச் சாய்த்து முகவாயைத் தூக்குவது. கழுத்தில் அடி இருக்கலாம் என்பதால் இங்கே அதை முதலில் செய்வதில்லை. பதிலாக ஜா த்ரஸ்ட்: தலைப்பக்கம் இருப்பவர் விரல்களை இரண்டு பக்கத் தாடை மூலையிலும் வைத்து, தலையை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளுவார். நாக்கு தாடையோடு ஒட்டியிருப்பதால் அதுவும் முன்னே வரும், குறட்டை நிற்கும். நிற்கவில்லை என்றால்? இங்கேதான் பல மாணவர்கள் உறைந்துபோவார்கள். ஜா த்ரஸ்ட் வேலை செய்யாவிட்டால், தலையை மெதுவாகத் தேவையான அளவு சாய்த்து முகவாயைத் தூக்குங்கள். கழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மூச்சில்லாமல் விட்டுவிட முடியாது. மூச்சுப்பாதைக்கே முதலிடம்.

வாயைத் திறந்தால் உள்ளே வாந்தி. இப்போது சக்ஷன். குழாய் கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைதான் உள்ளே போக வேண்டும். உள்ளே போகும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுத்துக்கொண்டு வரும்போதுதான் உறிஞ்ச வேண்டும். 10 முதல் 15 விநாடிக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் வாந்தியோடு சேர்த்து அவர் சுவாசிக்க வேண்டிய காற்றையும் நீங்கள் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு சின்ன உத்தி: சக்ஷனைத் தொடங்கும்போது நீங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

வாய் சுத்தமானதும் ஓ.பி.ஏ., அதாவது நாக்கு சரியாமல் தாங்கும் வளைந்த பிளாஸ்டிக் குழாய். அளவு முக்கியம். வாயின் ஓரத்திலிருந்து தாடை மூலை வரை வைத்துப் பார்க்க வேண்டும். சின்னது என்றால் நாக்கையே பின்னுக்குத் தள்ளும். பெரியது என்றால் குரல்வளை வாயில் போய் அடைக்கும். பெரியவர்களுக்கு வளைவு மேல்நோக்கி இருக்கும்படி நுழைத்து, மேல்அண்ணத்தின் பின்பகுதிக்கு வந்ததும் அரைவட்டம் திருப்பி உள்ளே வைக்கிறோம். நோயாளி குமட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். குமட்டல் இருக்கிறது என்றால் அவருக்கு இந்தக் குழாய் தேவையில்லை, வைத்தால் வாந்திதான் வரும்.

இப்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 6 முறை, அதுவும் மேலோட்டமாக. இது போதாது. மின்சாரம் தாக்கியவர்களுக்கு இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் சுவாசத் தசைகள் சிறிது நேரம் செயலிழந்திருக்கலாம். அந்த நேரத்தைக் கடக்க நீங்கள் அவருக்காக மூச்சுவிட வேண்டும். அதற்குத்தான் பேக் வால்வ் மாஸ்க். ஆக்ஸிஜனை நிமிடத்துக்கு 15 லிட்டரில் இணைத்து, 6 விநாடிக்கு ஒரு மூச்சு.

இங்கே நடக்கும் தப்பு ஆர்வக்கோளாறு. பெரியவர்களுக்கான பை சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். தேவைப்படுவதோ அரை லிட்டரைச் சற்றுத் தாண்டிய அளவுதான். பயத்தில் முழுப் பையையும் வேகவேகமாக அழுத்தினால், மிஞ்சிய காற்று வயிற்றுக்குள் போகும். வயிறு உப்பும், வாந்தி மேலேறும், அது நுரையீரலுக்குள் இறங்கும். எவ்வளவு அழுத்துவது என்று எப்படித் தெரியும்? நெஞ்சு லேசாக எழும்பத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நெஞ்சு எழும்பவில்லை, வயிறு எழும்புகிறது என்றால் மூச்சுப்பாதை இன்னும் திறக்கவில்லை. தாடையைச் சரிசெய்யுங்கள், இன்னும் வேகமாக அழுத்தாதீர்கள்.

முடிந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கை முகத்தில் பதித்துத் தாடையைத் தூக்கட்டும், இன்னொருவர் பையை அழுத்தட்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யும்போது மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிவது சகஜம். வந்திருக்கும் தீயணைப்பு வீரரை உதவிக்குக் கூப்பிடுங்கள்.

தூக்குவது: அவசரத்தில் உடையும் இரண்டு முதுகுகள்

மூச்சு ஓரளவு கட்டுக்குள் வந்துவிட்டது. இனி அவரை ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். நடுவில் ஒரு பாரிட், அதாவது தோட்டத்து வடிகால். அதன்மேல் ஒற்றைப் பலகைப் பாலம். குலை சுமந்து ஒரு தொழிலாளி நடக்கப் போட்டது, நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு போக அல்ல.

இந்த மாதிரி இடத்துக்கு ஸ்கூப் ஸ்ட்ரெச்சர் வசதி. நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, நோயாளியின் இரண்டு பக்கத்திலிருந்தும் அடியில் செருகி, மறுபடி பூட்டிவிடலாம். முழுசாகப் புரட்டத் தேவையில்லை, லேசாக அசைத்தால் போதும். புரட்டித்தான் ஆக வேண்டும் என்றால் லாக் ரோல்: மரக்கட்டையை உருட்டுவதுபோல உடல் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் எண்ணுவார், வேறு யாரும் எண்ணக் கூடாது. "மூணு சொன்னதும் திருப்புறோமா, மூணுக்கு அப்புறமா?" என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இதைப் பேசாத குழுவில் தோள் ஒரு நொடி முன்னே போகும், இடுப்பு ஒரு நொடி பின்னே வரும். அந்த ஒரு நொடி முறுக்கல் முதுகெலும்பில் விழும்.

அடுத்தது கட்டும் வரிசை. நெஞ்சு, இடுப்பு, தொடை என உடலை முதலில் கட்டுகிறோம். தலையைக் கடைசியில்தான் பொருத்துகிறோம். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள், காரணம் கேட்டால் முழிப்பார்கள். காரணம் எளிது. தலையை முதலில் இறுக்கிவிட்டு உடலைத் தளர்வாக விட்டால், பாரிட்டில் ஸ்ட்ரெச்சர் சாயும்போது உடலின் பாரம் முழுவதும் சறுக்கும், தலை மட்டும் அசையாது. நடுவில் இருப்பது கழுத்து. எதைப் பாதுகாக்க நினைத்தோமோ அதுவே முறியும்.

கட்டு இறுக்கமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வழியில் மறுபடி வாந்தி எடுத்தால், ஸ்ட்ரெச்சரோடு சேர்த்து முழு உடலையும் பக்கவாட்டில் சாய்த்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். கட்டு தளர்வாக இருந்தால் அதைச் செய்ய முடியாது. அதனால் சக்ஷன் கருவி எப்போதும் தலைப்பக்கம் கை எட்டும் தூரத்தில் வரட்டும், பைக்குள் போட்டு மூடாதீர்கள்.

இப்போது உங்கள் முதுகு. நோயாளி 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூப், ஆக்ஸிஜன் சிலிண்டர், கருவிகள் சேர்ந்தால் 90 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் தூக்கினால் ஆளுக்கு 45 கிலோ, அதுவும் சேறான தரையில். நான்கு மூலைக்கு நான்கு பேர் என்றால் அது பாதியாகும். அருகில் இருக்கும் தொழிலாளர்களைக் கூப்பிடலாம், ஆனால் எப்படித் தூக்குவது, யார் சொல் கேட்பது என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து வையுங்கள். குந்துங்கள், குனியாதீர்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி முழுக்கையாலும் பிடியுங்கள். பாரத்தை உடம்போடு ஒட்டி வைத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு காலால் எழுந்திருங்கள். திரும்ப வேண்டும் என்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். தூக்கும்போது மட்டுமல்ல, தூக்கியபடியே திரும்பும்போதும் முதுகு பிடித்துக்கொள்ளலாம்.

பாரிட்டை என்ன செய்வது? பலகைப் பாலத்தில் ஏறாதீர்கள். லாரி போகும் தோட்டச் சாலை வழியாகச் சுற்றி வர முடியுமா என்று மண்டோரிடம் கேளுங்கள், ஆம்புலன்ஸை அந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். சுற்றுவழி இல்லை என்றால், பாரிட்டின் இரண்டு கரையிலும் ஆட்களை நிறுத்தி, நடக்காமல் கைமாற்றிக் கடத்துங்கள். கரைக்கு வந்ததும் சக்கர ஸ்ட்ரெச்சரை உயர்த்தாமல் தாழ்வாகவே தள்ளுங்கள். செம்மண் சாலையின் குழியில் ஒரு சக்கரம் இறங்கினால், உயரமாக இருக்கும் ஸ்ட்ரெச்சர் நோயாளியோடு கவிழும்.

மதிப்பெண் தாள் எதைப் பார்க்கிறது

பல நாட்டுப் பயிற்சி மையங்கள் எடுத்துப் பார்க்கும் அமெரிக்கத் தேசியப் பதிவகத்தின் செய்முறைத் தேர்வுத் தாளில், விபத்து நோயாளியைச் சோதிக்க 10 நிமிடம்தான். அதற்குள் மருத்துவமனைக்குப் புறப்படும் முடிவை எடுத்திருக்க வேண்டும். மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் ஒன்றே ஒன்று தவறினால் தேர்வே போய்விடும் என்ற பட்டியலும் தாளின் அடியில் உண்டு. இடம் பாதுகாப்பா என்று பார்க்காதது, கையுறை முதலான தற்காப்பைச் சொல்லாதது, முதுகெலும்புப் பாதுகாப்பு தேவையா என்று யோசிக்காதது, மூச்சுப்பாதைப் பிரச்சினையைக் கவனிக்காமல் விட்டது எல்லாம் அதில் வரும். உங்கள் மையத்தின் தாள் வேறு மாதிரி இருக்கலாம், அதை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள்.

நம்ம காட்சியில் தாளின் கடிகாரத்தை நிஜத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தெனாகா வரும் வரை நின்ற நேரம் வீணான நேரம் இல்லை. கைக்கு நோயாளி கிடைத்த பிறகுதான் அவசரம். அப்போது சக்ஷன், ஓ.பி.ஏ., மூச்சு, கட்டு, புறப்பாடு. தீக்காயம் எங்கெல்லாம் இருக்கிறது, மின்சாரம் எங்கே நுழைந்து எங்கே வெளியேறியது என்று விரிவாகத் தேடுவதெல்லாம் ஆம்புலன்ஸ் ஓடும்போது செய்யலாம். தோலில் சின்னப் புள்ளிபோலத் தெரியும் காயத்துக்குக் கீழே தசை பெரிதாகக் கருகியிருக்கலாம், இதயத்துடிப்பு வழியில் மாறலாம். அதனால் நாடியை விடாமல் கவனித்துக்கொண்டே, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் மயக்கம் என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ரிவிஷன் செய்யும்போது ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. நீங்கள் மனதுக்குள் மேலே பார்த்ததைத் தேர்வாளரால் பார்க்க முடியாது. "மேலே மின்கம்பி இருக்கு, கழி எங்க முடியுதுன்னு தெரியல, இடம் பாதுகாப்பு இல்ல, தெனாகாவையும் தீயணைப்பையும் கேட்கிறேன், நாங்க தள்ளி நிக்கிறோம்." தேர்வில் இது மதிப்பெண். தோட்டத்தில் இதே வாக்கியத்தைத்தான் உங்கள் பார்ட்னரும் மண்டோரும் கேட்பார்கள். அவர்கள் காலை எடுத்து உள்ளே வைக்கும் முன் நிற்பதற்கு அது காரணமாகும்.

நண்பர் ஒருவரைத் தரையில் படுக்க வையுங்கள். பக்கத்தில் ஒரு கழியைப் போடுங்கள், அதன் நுனியை எங்கேயாவது மறைத்து வையுங்கள். குறட்டை விடச் சொல்லுங்கள், நடுவில் களகள சத்தத்துக்கு மாறச் சொல்லுங்கள், எப்போது மாறுவார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பிறகு கடிகாரத்தைத் தட்டிவிட்டுத் தொடங்குங்கள். முதலில் எங்கே பார்க்கிறீர்கள் என்பதை இன்னொரு நண்பர் குறித்துக்கொள்ளட்டும். படுத்திருப்பவரின் முகத்தைத்தான் முதலில் பார்த்தீர்கள் என்றால், ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்யுங்கள்.